மூணுல ஒரு பங்கு

வீட்டுக்கடனுக்கு மனைவியோட சம்பளச் சீட்டு ஆறு மாசத்துக்கு வேணும்னு பேங்க்ல கேட்டாங்க பாருங்க, அன்னைக்குப் போன நிம்மதி இன்னும் முழுசா திரும்பி வரல. இதை எழுதுறதுல எனக்குப் பெருமை ஒண்ணும் இல்ல. ஆனா என்னை மாதிரி ஆம்பளைங்க நிறைய பேர் இருப்பாங்கன்னு தோணுது.

நான் லிஃப்ட் மெக்கானிக். வயசு நாப்பத்தேழு. என் மனைவி ஒரு பெரிய லேப்ல டெக்னீஷியன், ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற வேலை. ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு. என் அப்பா அம்மாவோட ஒரே வீட்ல இருக்கோம். வீடு அப்பா கட்டினது. ரெண்டு பெட்ரூம். பொண்ணு ஹால்ல படிக்கிறா, ஹால்ல தூங்குறா. தங்கச்சி அவ புருஷன், பசங்களோட வந்துட்டா நான் சோபாவுக்கும் கீழ தரைக்கும் நடுவுல மாட்டிக்குவேன். அதனால மாடியில ரெண்டு ரூமும் ஒரு பாத்ரூமும் எடுக்கலாம்னு முடிவு. என் சம்பளத்துக்கு மட்டும் அவ்வளவு கடன் வராது, மனைவியையும் சேர்த்துக்கங்கன்னு பேங்க்ல சொன்னாங்க.

அம்மா உடனே சொன்னாங்க, "அவ சம்பளம் கொஞ்சம்தான். இருந்தாலும் சேரட்டும்."

கொஞ்சம் இல்ல. அங்கதான் பிரச்சனை.

பதினாலு வருஷம் முன்னாடி, கல்யாணத்துக்குப் பேச்சு நடந்தப்ப, அவ லேபுக்கு எதிர்ல இருந்த டீக்கடையில என்னை உக்கார வெச்சு ஒரே ஒரு விஷயம் சொன்னா. "எங்க அப்பா பிரஸ்ல மிஷின் ஓட்டினவர். பென்ஷன் கிடையாது. அண்ணனுக்கு அவன் குடும்பமே இழுத்துப் பிடிச்சாதான் ஓடுது. அதனால என் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு, வேலையில இருக்கிற வரைக்கும், அவங்களுக்குப் போகும். உங்க வீட்ல இதைச் சொல்லிடுங்க. அவங்க ஒத்துக்கிட்டா மேல பேசலாம். இல்லன்னா டீக்கு நானே குடுத்துட்டுப் போயிடறேன்."

எனக்கு அவளை அங்கேயே ரொம்பப் பிடிச்சிருச்சு. சரின்னேன்.

வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கூட கழட்டல, அம்மா கேட்டாங்க, "பொண்ணுக்கு எவ்ளோடா சம்பளம்?" சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். வாயில வந்தது மூணுல ரெண்டு பங்கு. அவ்வளவுதான் அவ சம்பளம்னு சொல்லிட்டேன். மறுநாள் அவகிட்ட போய், "சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டாங்க"ன்னேன்.

ரெண்டு பொய். அதுக்கப்புறம் பதினாலு வருஷம் அது பாட்டுக்கு ஓடுச்சு. சம்பளம் அவ அக்கவுண்ட்ல ஏறும். ரெண்டாம் தேதி மூணுல ஒரு பங்கு தானா அவங்க அம்மா அக்கவுண்டுக்குப் போயிடும், பேங்க்ல அப்படிச் சொல்லி வெச்சிருந்தா. மீதி வீட்டுச் செலவு அக்கவுண்டுக்கு வரும், அம்மா அதுல எடுத்துக் குடும்பம் நடத்துவாங்க. அவளுக்குச் சம்பளம் கூடும்போதெல்லாம் நான் மனசுக்குள்ள வகுத்துப் பார்த்து, "இவ்வளவு கூடியிருக்கும்மா"ன்னு குறைச்சுச் சொல்லுவேன். லிஃப்ட் கேபிள் இழுவையைக் கூட அவ்வளவு கவனமா பார்த்திருக்க மாட்டேன்.

இதுல எனக்கு உறுத்தின விஷயம் பணம் இல்ல. அம்மா அப்பப்ப குத்துவாங்க. "நாளெல்லாம் ஊசி குத்துறா, லேப்காரன் இவ்வளவுதான் குடுக்குறானா? நம்ம பக்கத்து வீட்டுப் பொண்ணு போன் எடுத்துப் பேசியே இதைவிட வாங்குது." அவ சிரிச்சுக்குவா. நான் தனியா, "மனசுல வெச்சுக்காத"ன்னு சொன்னா, அவ சொல்லுவா, "ஏங்க, எவ்ளோ பெரிய விஷயத்தை விட்டுக்குடுத்திருக்காங்க. ஒரு தடவ கூட அந்தப் பங்கைப் பத்திக் கேட்டதில்ல. இந்த ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகட்டும்." அம்மாவுக்குக் கால் வலின்னா தைலம் எடுத்துட்டு உக்காருவா. அப்பாவுக்குச் சுகர் டெஸ்ட் வீட்லயே எடுப்பா. அப்பா கை நரம்பு கண்ணுக்கே தெரியாது, ஆனா இவ ஒரே குத்துல எடுத்துடுவா. அவங்க அம்மாகிட்ட போன்ல, "என் மாமியார் மாதிரி யாருக்கும் கிடைக்காது"ன்னு சொல்றதைக் கேட்டிருக்கேன். கேட்டுட்டு பாத்ரூமுக்குள்ள போய் சும்மா குழாயைத் திறந்து விட்டுட்டு நின்னிருக்கேன்.

சம்பளச் சீட்டுக்கு வரேன். நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்னு பார்த்தேன். அப்பா விடல. அவர் ரிட்டையர்ட் கிளார்க். ஒரு ஃபைல் கிடைச்சா போதும், பத்து வயசு குறைஞ்சிடும் அவருக்கு. "எல்லாத்துலயும் ஒரு காப்பி எடுத்து, வரிசையா நம்பர் போட்டுத்தான் குடுக்கணும். நீ குடுத்தா எண்ணெய்க் கறையோட குடுப்ப." நான் மனைவியோட பேப்பரை மட்டும் ஒரு கவர்ல போட்டு ஒட்டி, "லேப்ல இருந்து சீல் பண்ணிக் குடுத்தாங்க, பிரிக்கக் கூடாதாம்"னேன். மூணாவது பொய். அப்பா கையில குடுத்துட்டு ஓடி வந்தேன்.

அந்த வாரம் வேலையே ஓடல. ஒரு ஆபீஸ் கட்டடத்துல லிஃப்டை சர்வீஸ் பண்ணிட்டு இன்ஸ்பெக்‌ஷன் சுவிட்சை திருப்பி வெக்க மறந்து வந்துட்டேன். அஞ்சாவது மாடியில ஆளுங்க பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துட்டு போன் அடிச்சாங்க. இருபத்திரண்டு வருஷத்துல அப்படி நான் செஞ்சதே இல்ல.

சனிக்கிழமை காலையில பேங்க்ல இருந்து ஒருத்தர் வீட்டைப் பார்க்க வந்தார். கடன் குடுக்குறதுக்கு முன்னாடி வந்து பார்ப்பாங்களாம், யார் யார் இருக்காங்க, என்ன வேலைன்னு. சின்ன வயசு, கழுத்துல அட்டை, கையில நம்ம ஃபைல். ஒட்டின கவர் பிரிஞ்சிருந்துச்சு. எல்லாரும் ஹால்ல. பொண்ணு மட்டும் காதுல ஒயரை மாட்டிக்கிட்டு ஓரமா படம் வரைஞ்சிட்டு இருந்தா.

அவர் என் மனைவியைப் பார்த்து, "மேடம், உங்க நெட் சம்பளம் இது, சரிதானே?"ன்னு தொகையைச் சத்தமா படிச்சார்.

அம்மா டம்ளரோட அப்படியே நின்னாங்க. "எவ்ளோ தம்பி?"

அவர் திரும்பவும் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும். பேங்க் ஸ்டேட்மென்ட் பக்கத்தைத் திருப்பிட்டு அடுத்தது கேட்டார். "மாசாமாசம் ரெண்டாம் தேதி ஒரே மாதிரி ஒரு தொகை வெளிய போகுது. ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. வேற எங்கயாவது கடன் தவணையா? தவணைன்னா நாங்க கழிச்சுத்தான் கணக்குப் பார்ப்போம்."

என் மனைவி நல்லா நிமிர்ந்து, முகத்துல ஒரு ஒளியோட சொன்னா, "கடன் இல்ல சார். எங்க அப்பா அம்மாவுக்கு அனுப்புறது. கல்யாணத்துக்கு முன்னாடியே பேசினது, வீட்ல எல்லாருக்கும் தெரியும். அத்தை மாமா பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாங்க."

அவ என் அம்மாவைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா, கடைசியா என்னைப் பார்த்தா. நான் என் கட்டை விரல் நகத்தைப் பார்த்துட்டு இருந்தேன். அவளுக்குப் புரிஞ்சிருச்சு.

பேங்க்காரர் நல்லவர்தான், ஆனா சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுத்தான் போனார். "இப்படியே இருந்தா கேட்டதுல பாதிதான், ஒரு ரூம் அளவுக்குத்தான் கடன் வரும். இது கடன் தவணை இல்ல, இஷ்டப்பட்டு குடுக்குறதுதான், அடுத்த மாசத்துல இருந்து நிறுத்திடறேன்னு மேடம் ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டா, முழுத் தொகைக்கும் முயற்சி பண்ணலாம்."

அவர் பைக் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டதும் அம்மா ஆரம்பிச்சாங்க.

"பதினாலு வருஷம்! நான் ரெண்டு தக்காளிக்குப் பேரம் பேசிட்டு இருந்திருக்கேன். இங்க மாசாமாசம் ஒரு பங்கு வாசல் தாண்டிப் போயிருக்கு."

"அத்தை, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? உன் புருஷன் வாயில உண்மை வந்தா மழை வரும். உங்க வீட்ல பையன் இல்லையா? அவன் பார்த்துக்க மாட்டானா?"

"அவனால முடியல அத்தை."

"முடியாதவன் வீட்டை மட்டும் வாங்கிப்பானா? நாளைக்கு உங்க அப்பா வீட்டை அவன் பேர்லதான எழுதுவாங்க? செலவு பொண்ணு, சொத்து பையன். நல்லா இருக்கே நியாயம்!"

அப்பா அதுக்குள்ள ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்துட்டார். "கட்டிக்குடுத்துட்டா அந்தப் பொண்ணு இந்த வீட்டு ஆளு. ஊர் உலகம் என்ன சொல்லும், சம்பந்தி வீட்டுக்குச் சோறு போடுறவங்கன்னு சொல்லாதா? நான் லெட்டரை எழுதித் தரேன். கையெழுத்து மட்டும் போடும்மா."

என் மனைவி அவரை விட்டுட்டு என்கிட்ட வந்தா. குரல் ஏறவே இல்ல. "நீங்க சொல்லவே இல்லையா?"

"சொல்லல."

"ஒத்துக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"பயந்துட்டேன். நீ போயிடுவன்னு."

"அப்போ நான் பதினாலு வருஷமா யாருக்கு நன்றி சொல்லிட்டு இருந்தேன்?"

அம்மா மெதுவா, ஆனா நேரா சொன்னாங்க. "பாரும்மா, நான் நடிக்க மாட்டேன். அன்னைக்கு என்கிட்ட கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

"தெரிஞ்சிருந்தா நான் கல்யாணமே பண்ணியிருக்க மாட்டேன் அத்தை" ன்னா இவ.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அந்த நிமிஷம் அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சண்டை இல்ல. ரெண்டு பேர் கோபமும் என் மேலதான் இருந்துச்சு. அவ பையை எடுத்துட்டு ஷிஃப்ட்டுக்குப் போயிட்டா. அப்பா முத்து முத்தான கையெழுத்துல லெட்டர் எழுதி முடிச்சு, கீழ அவ கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டு, டிவி ரிமோட்டுக்கு அடியில வெச்சார்.

நாலு நாள் அந்தப் பேப்பர் அங்கேயே கிடந்துச்சு. அவ ரிமோட்டை எடுப்பா, பேப்பரை விடுவா. என்கிட்ட "சாப்பாடு இருக்கு", "கேட் பூட்டல" இவ்வளவுதான். அம்மாவுக்குக் கால் வலி. தைலம் அலமாரியிலயே இருந்துச்சு. அம்மா கேக்கவும் இல்ல, அவ எடுக்கவும் இல்ல. நான் உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துட்டே இருந்தேன். "உக்காந்து தொலைடா, தலை சுத்துது"ன்னு அப்பா திட்டினார்.

புதன்கிழமை மதியம், ஒரு மிஷின் ரூம்ல கிரீஸ் கையோட இருக்கும்போது என் மனைவியோட அம்மா போன். "மாப்ள, அவ போன எடுக்கல, அதான் உங்களுக்கு. இவர் நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்குறார்."

என் மாமனாருக்குச் சுகர்ல கண்ணு பாதிச்சிருச்சு. விழித்திரையில நீர் கோத்துக்குது. கண்ணுக்குள்ள மாசம் ஒரு ஊசி போடணும், வரிசையா. நடுவுல விட்டா மறுபடி வீங்கிடும், போன பார்வை வராம போகலாம்னு டாக்டர் எழுதியே குடுத்திருந்தார். ரெண்டு போட்டாச்சு. நாளைக்கு மூணாவது. இந்த ஊசிக்குத்தான் மூணுல ஒரு பங்குல பெரும்பாதி போய்ட்டு இருந்துச்சு.

"ஏன் அத்தை வரமாட்டேங்குறார்?"

அவங்க தயங்கினாங்க. "உங்கம்மா பேசினாங்க மாப்ள. தப்பா ஒண்ணும் சொல்லல. உங்களுக்குப் பையன் இருக்கான்ல, எங்க பேரப்பொண்ணு தரையில படுக்குறாளேன்னு கேட்டாங்க. இவர் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்தார்."

அன்னைக்கு என் மனைவிகிட்ட சொல்லலாமான்னு ரெண்டு தடவ வாயைத் திறந்தேன். ரெண்டு தடவையும் மூடிட்டேன். மூணாவது தடவ சொல்லிட்டேன். பழக்கமில்லாத வேலை. அவ உடனே ஷிஃப்ட் லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தா. "நாளைக்கு எனக்கு லீவு தரமாட்டாங்க, லேப்ல ரெண்டு பேர் வரல"ன்னா.

"நான் போறேன்."

"போய் என்ன சொல்லுவீங்க?"

"உண்மையை."

"அப்படியா?"ன்னா. அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டியதுதான்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கே அங்க போயிட்டேன். மாமா பனியனோட நாற்காலியில உக்காந்து, சுவத்துல இருந்த காலண்டரை ஒரு கண்ணை மூடிப் பார்த்துட்டு இருந்தார்.

"வாங்க மாப்ள. இடது கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு போதும். மிஷின்ல தாள் நேரா போகுதான்னு பார்க்க ஒரு கண்ணைத்தான் வெப்போம்."

"மாமா, கிளம்புங்க. பத்து மணிக்கு டோக்கன்."

"பொண்ணு காசுல இனிமே ஊசி போட மாட்டேன். உங்க வீட்ல இவ்வளவு நாளா மனசு கொதிச்சிட்டு இருந்தது எங்களுக்குத் தெரியாது. அவ சொல்லுவா, எல்லாரும் சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்கன்னு."

"அவங்க கொதிக்கல மாமா. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. நான்தான் சொல்லல."

எல்லாத்தையும் சொன்னேன். டீக்கடை, குறைச்சுச் சொன்ன சம்பளம், ஒட்டின கவர் வரைக்கும். அத்தை சமையல்கட்டு வாசல்ல நின்னு கேட்டாங்க. மாமா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டார்.

"நீங்க எனக்குப் பொய் சொல்லல மாப்ள. அவளுக்குச் சொன்னீங்க. அதை அவகிட்ட பேசிக்கங்க. ஆனா உங்கம்மா கேட்டது நியாயம்தான. அவங்க வாயால சரின்னு சொல்லாம நான் வரமாட்டேன்."

மணி எட்டே கால். அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். "அம்மா, மாமா ஊசி போட வரமாட்டேங்குறார். நீ சரின்னு சொன்னாதான் வருவாராம்."

"என்னது?" அந்தப் பக்கம் பாத்திரம் வெக்கிற சத்தம். "நான் எப்படிடா சரின்னு சொல்லுவேன்? எனக்குப் பிடிக்கல. பிடிக்கலன்னுதான் சொல்லுவேன்."

மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், பார்த்தீங்களான்னு.

"ஆனா," ன்னாங்க அம்மா, "பிடிக்கலன்னு சொன்னா கண்ணைக் குருடாக்கிக்கங்கன்னு அர்த்தமா? சம்பந்தி, கேக்குறீங்களா? நான் சண்டை போடுவேன். சண்டையை என்கூட போடுங்க, கண்ணு கூட போடாதீங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பார்க்கும்போதெல்லாம் உங்க கண்ணுதான் ஞாபகம் வரும். அந்தப் பாவத்தை நான் எங்க போய்த் தீர்க்க? எழுந்து சட்டையைப் போடுங்க."

"பணம்..."

"பணத்தைப் பத்தி என் மருமககிட்ட நான் பேசிக்குறேன். அது எங்க வீட்டுச் சண்டை."

போனை வெச்சுட்டாங்க. மாமா அத்தையைப் பார்த்து, "அந்தக் கோடு போட்ட சட்டையை எடு"ன்னார்.

ஆஸ்பத்திரியில கண்ணுல மருந்து விட்டு விட்டு, கண் பாப்பா விரிய ஒரு மணி நேரம் உக்கார வெச்சாங்க. பில் கட்டுற இடத்துல நான் என் கார்டை நீட்டினேன். மாமா கையைத் தடுத்தார். "அவ அனுப்பினது இருக்கு மாப்ள. அதுலயே கட்டுங்க. அதுக்குத்தான அவ பேச்சு வாங்குறா." அத்தை கார்டைக் குடுத்தாங்க. ஊசி போட உள்ள போய் அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துட்டார். கண்ணுல கட்டோட, "அவ்வளவுதானா? மகள் இதைவிட அழகா குத்துவா"ன்னார்.

வீட்டுக்கு வந்து டிவி ரிமோட்டுக்கு அடியில இருந்த பேப்பரை எடுத்தேன். அப்பா பார்த்துட்டு இருக்கும்போதே நாலா மடிச்சு பாக்கெட்ல வெச்சேன். அவரோட வெள்ளைப் பேப்பர்லயே இன்னொரு லெட்டர் எழுதினேன். என் மனைவி அவங்க பெத்தவங்களுக்கு அனுப்புற தொகை தொடர்ந்து போகும், அதைக் கழிச்சுட்டு எவ்வளவு வருமோ அவ்வளவு கடன் போதும்னு. என் கையெழுத்தைப் போட்டுட்டு, அவ வந்ததும் எல்லாரும் கேக்குற மாதிரி படிச்சேன்.

"ஒரு ரூமுக்கு எதுக்குடா மாடி?"ன்னார் அப்பா.

"உன் பேத்தி படுக்கப்பா."

"உன் தங்கச்சி வந்தா?"

"சோபா இருக்கு. எனக்குப் பழக்கம்தான்."

அப்பா லெட்டரை வாங்கி, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி, மூலையில பக்க நம்பர் போட்டார். அவர் ஒத்துக்கிட்டதா நான் எடுத்துக்கல. ஃபைல் சரியா இருக்கணும், அவ்வளவுதான் அவருக்கு.

என் மனைவி லெட்டரை ரெண்டு தடவ படிச்சா. கையெழுத்துப் போட்டா. "இதை நானே பேங்க்ல குடுத்துக்குறேன்"ன்னா. என்கிட்ட குடுக்கல.

இப்ப மாடியில ஒரு ரூம் எழும்பிட்டு இருக்கு. பாத்ரூம் இல்ல. அம்மா இன்னும் ஒத்துக்கல. ஒவ்வொரு ரெண்டாம் தேதியும் என் மனைவி சாப்பாட்டு நேரத்துல சத்தமா சொல்றா, "அத்தை, இன்னைக்கு அனுப்பியாச்சு. இவ்வளவு."

"நான் கேக்கலையே."

"கேக்காட்டியும் சொல்வேன் அத்தை."

"சொல்லு சொல்லு. உங்கண்ணனுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லு, அவனும் கொஞ்சம் வெக்கப்படட்டும்."

போன வாரம் நிஜமாவே போன் போட்டா. அண்ணன் அடுத்த மாசத்துல இருந்து மாத்திரைச் செலவைப் பார்த்துக்குறேன்னு சொல்லியிருக்கான். பார்க்கலாம். அம்மா கால் தைலத்தை இப்ப அவங்களே எடுத்துத் தேச்சுக்குறாங்க. முதுகுக்குத்தான் கை எட்டல. முந்தாநாள் பாட்டிலைப் பேசாம இவ பக்கம் நகர்த்தி வெச்சாங்க. இவ கொஞ்ச நேரம் விட்டுட்டு, அப்புறம் எடுத்தா. எவ்வளவு நேரம் விட்டான்னு நான் பார்த்துட்டே இருந்தேன்.

என் விஷயம்தான் இன்னும் ஆடிட்டே இருக்கு. இன்னைக்குக் காலையில கேட்டா, "ஜன்னலை கிழக்குப் பக்கம் வெக்கணும்னு மேஸ்திரிகிட்ட சொல்லச் சொன்னேனே?"

"சொல்லிட்டேன்."

அவ என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தா. "அவர் நம்பர் குடுங்க."

குடுத்தேன். அவ போன் போட்டா, என் எதிர்லயே, ஸ்பீக்கர்ல. மணி அடிச்சுட்டு இருந்துச்சு. நான் சொன்னது நிஜம்தான். இருந்தாலும் அவர் எடுத்துப் பேசுற வரைக்கும் என்னால உக்கார முடியல.